கயலும் செம்மி ஆட்டுக்குட்டியும்

கயலுக்கு இரண்டரை வயசு. சிரித்தால் வாய் நிறையப் பல் தெரியும்.

ஆனால் காலையில் அம்மா பிரஷைக் கையில் எடுத்தால் போதும்.

டப்!

வாயை மூடிக்கொள்வாள்.

"ஆ காட்டுடா தங்கம்."

"ம்ஹூம்!"

"ஈ காட்டுடா செல்லம்."

"ம்ஹூம்! ம்ஹூம்!"

தலையை இந்தப் பக்கம் ஆட்டுவாள். அந்தப் பக்கம் ஆட்டுவாள். அப்புறம் கொல்லைக்கு ஓடியே போய்விடுவாள். தட தட தட தட!

கொல்லையில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் செம்மி.

செம்மி யார் தெரியுமா? ஆட்டுக்குட்டி! உடம்பெல்லாம் செம்மண் நிறம். காது மட்டும் வெள்ளை. அதன் குட்டி வால் சும்மாவே இருக்காது. டுக்கு டுக்கு டுக்கு.

அன்றைக்கு அப்பத்தா மரத்தடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். குச்சியை ஒடித்துத் தான் வைத்துக்கொண்டு, இலையைச் செம்மிக்குப் போட்டிருந்தாள்.

செம்மி தின்றது. மொறுக் மொறுக். மொறுக் மொறுக்.

கயல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"செம்மி, நீயும் பல்லு விளக்குறியா?"

செம்மி வாயைத் திறந்தது.

"மே...!"

உள்ளே ரோஸ் நிற நாக்கு. நாக்கின் மேல் பச்சைப் பச்சையாக வேப்பிலைத் துணுக்கு.

அப்பத்தா செம்மியின் உதட்டை மெதுவாக விலக்கிக் காட்டினாள். "கீழ்ப்பல்லை எண்ணுவோமா?"

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு!

"மேல?"

கயல் குனிந்து பார்த்தாள். ஒரு பல்கூட இல்லை. வெறும் ஈறு!

"அப்பத்தா! செம்மி பல்லு விழுந்துடுச்சு!"

"விழலடி கண்ணு. ஆட்டுக்கு முன்பக்கம் மேல்பல்லு முளைக்கவே முளைக்காது. உள்ள, கடவாயில மட்டும்தான் மேலயும் பல்லு இருக்கும்."

"எனக்கு?"

"உனக்கு முன்னாலயே மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு. எங்க, காட்டு பாப்போம்."

காட்டலாமா? வேண்டாமா? கயல் யோசித்தாள்.

செம்மி கிட்டே வந்தது. கயலின் கன்னத்தை மோந்து பார்த்தது. ஸ்ஃப் ஸ்ஃப். வெதுவெதுப்பான மூச்சு. வேப்பிலை வாசம்.

"மே...!" என்றது செம்மி.

"மே...!" என்றாள் கயல்.

அட, வாய் திறந்துவிட்டதே!

நீயும் ஒரு தடவை சொல்லு பார்ப்போம். மே...!

அம்மா பிரஷோடு வந்துவிட்டாள். பிரஷின் நுனியில் ஒரு அரிசி அளவுக்குப் பேஸ்ட்.

"அடேயப்பா! நேத்துத் தின்ன முறுக்கு இங்கயா ஒளிஞ்சிருக்கு? வெளிய வா முறுக்கே, வெளிய வா!"

மே... கடவாய்ப் பல்லு. சர சர சர.

ஈ... முன்பல்லு. சர சர சர.

லே லே லே... நாக்கு. சர சர.

இந்தப் பக்கம் முடிந்ததா? அந்தப் பக்கம்? அங்கேயும் மே...!

"இப்பத் துப்பு."

தூ!

வாழைமரத்தடியில் வெள்ளையாய் நுரை. முறுக்குத் துணுக்கும் போயே போச்சு.

அப்புறம் தண்ணீர். களக் களக் களக்... புளிச்!

செம்மியின் மூக்கில் தெறித்தது. செம்மி ஒரே துள்ளல்! கயலும் ஒரு துள்ளல்!

"நானு! நானு!" கயல் பிரஷைப் பிடுங்கித் தானே தேய்த்தாள். பல்லில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம், தாடையில் கொஞ்சம். பரவாயில்லை. அம்மா முதலிலேயே நன்றாகத் தேய்த்துவிட்டாளே.

ராத்திரி சோறு சாப்பிட்டாயிற்று. பாய் விரித்தாயிற்று. அம்மா மறுபடியும் பிரஷை எடுத்து வந்தாள்.

"தூங்குறதுக்கு முன்னால இன்னொரு தடவை, கயல்."

டப்! வாய் மூடிக்கொண்டது.

அப்போது கொட்டகையிலிருந்து ஒரு குரல்.

"மே...!"

பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"மே...!" என்று கயல் கத்தினாள். சர சர சர!

மறுநாள் காலையில் கயல் பல் விளக்கிவிட்டு, வீட்டில் எல்லாருடைய வாயையும் பார்க்கக் கிளம்பினாள்.

"அம்மா, மே சொல்லு."

"மே...!" மேலே பல்லு, கீழே பல்லு.

"அப்பா, மே சொல்லு."

"மே...!" மேலே பல்லு, கீழே பல்லு.

வேப்பமரத்தடியில் அப்பத்தா நின்றாள்.

"அப்பத்தா, மே சொல்லு."

குச்சியை எடுத்துவிட்டு அப்பத்தா வாயைத் திறந்தாள். "மே...!"

கீழே நாலு பல்லு. மேலே? ஒன்றுகூட இல்லை. வெறும் ஈறு!

கயலின் கண் பெரிசாகிவிட்டது.

"அப்பத்தா! நீ ஆடா?"

அப்பத்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கையிலிருந்த வேப்பங்குச்சி கீழே விழுந்தது.

செம்மி ஓடி வந்து அதைக் கவ்விக்கொண்டது. மொறுக்!