உங்கள் கஃபேக்கு முட்டையில்லாத கேக்: ஒரு வேண்டுகோள் கடிதம்

சில்வர்க்லென், சாட்ஸ்வொர்த், டர்பன்
4 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய அண்ணா, அண்ணி இருவருக்கும் வணக்கம்.

கடை வாசல் பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். என் பெயர் கோகிலா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 14 வருஷமாகிறது. உங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது வாரம் ஒரு நாளாவது உங்களிடம் காபி குடிக்க வருவேன். அண்ணிக்கு முகம் தெரிந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேரனோடு நின்றிருந்தார். கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "இதில் முட்டை போடாதது எது?" என்று கேட்டார். கடைப் பையன் உண்மையைச் சொன்னான்: எதுவும் இல்லை. பேரனுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் வாங்கிக்கொடுத்துவிட்டு, பாட்டி வெறும் டீயோடு போனார். அதே கேள்வியை மற்றவர்கள் கேட்பது அதற்கு முன்னும் இரண்டு மூன்று முறை என் காதில் விழுந்திருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் இங்கே வெள்ளிக்கிழமை எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் 17ஆம் தேதி புரட்டாசி பிறக்கிறது. ஒரு மாதம் முழுக்கப் பல வீடுகளில் கவுச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. பிறகு தீபாவளி, தைப்பூசக் காவடி விரதம் என்று வரிசையாக வரும். அந்த ஜனங்கள் நம்பிக்கையோடு உட்கார்ந்து ஒரு துண்டு கேக் சாப்பிட, உங்கள் கடையில் இடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கேக்கை நான் செய்து தருகிறேன்.

நான் செய்வது முட்டையில்லாத கேக் மட்டும்தான். இரண்டு வகையும் செய்தால் இன்னும் சம்பாதிக்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே கிண்ணத்திலும் ஒரே கரண்டியிலும் இரண்டையும் கலக்கும் இடத்தில், பெட்டிமேல் என்ன எழுதி ஒட்டினாலும் விரதக்காரருக்கு அது போதாது. வீட்டின் பின்னால் இருந்த கராஜைத் தனிச் சமையலறையாக மாற்றியிருக்கிறேன். அதற்குள் முட்டையோ இறைச்சியோ ஜெலட்டினோ நுழைவதில்லை. கெட்டியாக வேண்டிய இடத்தில் கடற்பாசிதான் போடுகிறேன். இப்போது உங்களுக்கு மஃபின் கொடுப்பவரை நிறுத்தச் சொல்லவில்லை. என் கேக்குக்கு ஒரு தனித் தட்டும் தனி இடுக்கியும் ஒதுக்கினால் போதும்.

முட்டை இல்லாவிட்டால் கேக் கல்லாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் முதல் ஒரு வருஷம் அப்படித்தான் ஆனது. கண்டென்ஸ்ட் மில்க் போட்டால் இனிப்பு திகட்டியது, வினிகர் போட்டால் வாசம் நின்றது. கடைசியில் கைகொடுத்தது இந்த நாட்டு மாஸ் தயிர்தான். அதன் புளிப்பு சோடா உப்போடு சேர்ந்ததும் வாயு கிளம்பி மாவைத் தூக்கும். ஆனால் கலந்த மாவு காத்திருக்காது. உடனே அடுப்புக்குள் போக வேண்டும். அதனால் என் அடுப்பில் ஒரு ஈடுக்கு நான்கு லோஃப் என்றால் நான்குக்கு மட்டுமே மாவு கலக்குவேன். அடுப்பு கேஸ் அடுப்பு. கரண்ட் போனாலும் உங்கள் கேக் நிற்காது.

இந்தக் கடிதத்தோடு உள்ள பெட்டியில் நான்கு வகையும் இருக்கின்றன. வாழைப்பழ லோஃப், கிரெனடில்லா லோஃப், பேரீச்சை வால்நட் லோஃப், சிறு கிண்ணத்தில் மால்வா புட்டிங். வாழைப்பழத்தில் ஏலக்காய் சேர்த்திருக்கிறேன். மால்வா இந்த ஊர்ப் பலகாரம்; ஆப்ரிகாட் ஜாம் போட்டு, சுடச்சுட இருக்கும்போதே க்ரீம் பாகு ஊற்ற வேண்டும். வழக்கமாக அதில் முட்டை உண்டு, என்னுடையதில் இல்லை. மைக்ரோவேவில் 20 விநாடி வைத்துக் கொடுங்கள், காபியோடு அவ்வளவு பொருத்தம். அண்ணி முதலில் கிரெனடில்லாவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அதில்தான் பெருமை.

க்ரீம் கேக் மட்டும் கேட்காதீர்கள். ஒரு ஜனவரியில் விசேஷ வீட்டுக்கு இரண்டடுக்குக் கேக் கொண்டுபோனேன். டர்பன் வெயிலிலும் புழுக்கத்திலும் காரிலேயே மேலடுக்கு சரிந்துவிட்டது. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னிடம் குளிர்சாதன வண்டி இல்லாதவரை அந்த வேலையை ஏற்கமாட்டேன்.

விலை இப்படி: வாழைப்பழம், கிரெனடில்லா லோஃப் ஒன்று 110 ராண்ட், பேரீச்சை வால்நட் 130 ராண்ட். ஒரு லோஃபில் கனமாகப் பத்துத் துண்டு வரும், வெட்டியே கொண்டுவருவேன். மால்வா கிண்ணம் ஒன்று 16 ராண்ட். வெண்ணெய்தான் போடுகிறேன், மார்ஜரின் இல்லை. அதனால் இதற்குக் கீழே இறங்க முடியாது. நான் வாட் பதிவில் இல்லை, ஆகவே இதற்குமேல் எதுவும் சேராது. வருஷக் கடைசி வரை இதே விலை.

ஆரம்பத்தில் செவ்வாய்க்கிழமை நான்கு லோஃபும், வெள்ளிக்கிழமை ஆறு லோஃபும் 12 மால்வாவும் போதும் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கு வாழைப்பழம் இரண்டும் மற்றவை ஒவ்வொன்றும், வெள்ளிக்கு மூன்று வகையிலும் இரண்டிரண்டு. கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு 1,352 ராண்ட். காலை ஆறரைக்கு, நீங்கள் கடை திறக்கும்போதே நானே கொண்டுவந்து வைப்பேன். மூடிய டப்பாவில் மூன்று நாள் நன்றாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை இரண்டு நாள்தான். அதற்குமேல் ஒரு துண்டும் விற்க வேண்டாம், எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

ஆகஸ்ட் 19 செவ்வாய் தொடங்கி நான்கு வாரம் பார்ப்போம். அந்த நான்கு வாரமும் விற்காமல் நின்ற துண்டுகளுக்குப் பாதி விலை என் பொறுப்பு. பணத்தை வாரா வாரம் சனிக்கிழமை வங்கிக் கணக்கில் போட்டால் போதும். நான்காம் வாரம் முடியும்போது புரட்டாசி வாசலில் நிற்கும். எது ஓடுகிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு நாளுக்கு 14 லோஃப் வரை என்னால் முடியும், அதுவும் இரண்டு நாள் முன்னால் சொன்னால்தான். புனித வெள்ளியன்று மட்டும் நான் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் இருப்பேன். அன்றைக்கு வேண்டியதை வியாழன் மாலையே தந்துவிடுவேன்.

தெகுவினி நகராட்சிச் சுகாதார அதிகாரி வந்து பார்த்து, 2018ஆம் ஆண்டின் R638 விதிப்படி தகுதிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் செய்த தேதியும், சேர்த்த பொருள்களும், கோதுமை, பால், வால்நட் இருப்பதும் எழுதியிருக்கும். வால்நட் கேக்கைத் தனிப் பெட்டியில்தான் கொண்டுவருவேன். ஆனாலும் எல்லாம் ஒரே சமையலறையில் செய்வதுதான். கொட்டை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது கேட்டால் என் கேக் எதையும் கொடுக்க வேண்டாம்.

சமையலறையை நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். சொல்லாமல் வந்தாலும் சரிதான். மாவு கலக்கும் நாள் திங்களும் வியாழனும், மதியம் இரண்டு மணிக்கு மேல். என் கைபேசி எண் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் வரும் வெள்ளிக்கிழமை காபிக்கு வருவேன், அப்போது பேசலாம்.

அன்புடன்,
கோகிலா