நாலு நாள் யாருக்குச் சொந்தம்?

திங்கள்கிழமை காலை எட்டரைக்கு கோயம்புத்தூர் குடோனிலிருந்து போன் வந்தது. குஜராத் மோர்பியிலிருந்து வரவேண்டிய டைல்ஸ் லோடு இன்னும் வந்து சேரவில்லை, வியாழன் காலையில்தான் கோத்தகிரியில் கட்டுகிற வீட்டுக்கு வண்டி ஏறும் என்றார்கள். கவினுக்கு முகம் வெளுத்துவிட்டது. டிப்ளமா முடித்து பயிற்சிக்கு வந்த பையன். ரெண்டு பாத்ரூம் டைல்ஸும் அவன் பொறுப்பு.

"அண்ணா, மூணு நாள் போச்சு. ஹேண்ட் ஓவரும் மூணு நாள் தள்ளிப் போகுமே. இங்கேயே கடையில் பாதி வாங்கி ஆரம்பிச்சுடலாமா?"

"அதே டிசைன் கிடைச்சாலும் பெட்டியில ஷேட் நம்பர் வேறயா இருக்கும் தம்பி. ஒரே சுவத்துல ரெண்டு நிறம் தெரியும். அது வேண்டாம்" என்றார் சைட்டைப் பார்த்துக்கொள்ளும் செல்வம். "முதல்ல எது லேட்டாச்சுன்னு பார்ப்போம். எத்தனை நாள்ங்கறது அப்புறம்."

பாத்ரூம் பூச்சுச் சுவரில், டைல்ஸ் மூடிவிடப்போகிற இடத்தில், ஒரே சமயத்தில் நடக்கிற ரெண்டு வேலைகளை நாள் கணக்கோடு பென்சிலால் ரெண்டு வரிசையாக எழுதினார். மேலே பெயிண்டர் வேலை: பட்டி 6, பிரைமர் 2, முதல் கோட்டிங் 3. கீழே பாத்ரூம் வேலை: டைல்ஸ் ஒட்ட 4, இடுக்கை அடைக்கிற கிரவுட் 1, பிளம்பர் ஃபிட்டிங்ஸ் 2. ரெண்டும் முடிந்தால்தான் கடைசி கோட்டிங்கும் கதவு மாட்டலும் துடைத்துக் கழுவலும்.

"கூட்டு."

"மேலே 11. கீழே 7."

"டைல்ஸ் இன்னிக்கே வந்திருந்தா?"

"ஏழாம் நாள் பிளம்பர் முடிச்சுடுவார். அப்புறம் பெயிண்டருக்காக நாலு நாள் சும்மா..." கவின் நிறுத்தினான். "அப்போ இந்த நாலு நாள்தான் ஃபுளோட்டா?"

"அதேதான், வேலை தள்ளிப் போனாலும் தாங்கற இடைவெளி. மூணு போனாலும் ஒண்ணு மிச்சம். ஹேண்ட் ஓவர் நகராது."

அந்த நேரம் பெயிண்டர் எட்டிப் பார்த்தார். டைல்ஸே வரவில்லையாமே, நாளைக்கு ஒரு கல்யாணம், ஆளுங்களோடு போய்விட்டு வரட்டுமா என்று கேட்டார். கவின் தலையாட்டப் போனான். செல்வம் மேல் வரிசையில் விரலை வைத்தார். "உங்க வரிசையில மிச்சமே இல்லைங்க. நீங்க ஒரு நாள் நின்னா வீடே ஒரு நாள் நிக்கும். நீங்க மட்டும் போயிட்டு வாங்க, ஆளுங்க இருக்கட்டும்."

சைட்டில் அடிக்கடி நடக்கிற குழப்பம் இது. ஒரு வேலை நின்றால் எல்லோரும் தங்களுக்கும் நேரம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். எந்த வரிசையில் இடைவெளி இருக்கிறதோ, அங்கே மட்டும்தான் அது இருக்கிறது.

"சரி அண்ணா, ஒரு நாள் மிச்சம் இருக்கு. அதை டைல்ஸ் கொத்தனாருக்குக் கொடுத்துடலாம், நிதானமா ஒட்டட்டும்."

"அது அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த நாலும் வரிசை முழுசுக்கும் பொது. முன்னாடி இருக்கிறவர் சாப்பிட்டுட்டா பின்னாடி பிளம்பருக்குச் சோறு இல்லை. சனிக்கிழமை வரச் சொல்லி அவரை மேட்டுப்பாளையத்திலிருந்து புக் பண்ணியிருக்கோம். லோடு ஒரு நாள் தள்ளினாலும் அவர் தேதி மாறும். ஹேண்ட் ஓவருக்குத்தான் நாலு நாள் இடம். அடுத்த ஆளுக்கு ஒரு நாள்கூட இல்லை. ரெண்டும் வேற வேற கணக்கு."

ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவை மஞ்சு மூடிக்கொண்டிருந்தது. செல்வம் சுவரைத் தடவினார். ஈரம். "இன்னொண்ணு. இந்தக் குளிருக்கு பசை மெதுவாத்தான் இறுகும். ஒட்டி முடிச்சதும் ஒரு நாள் விட்டுத்தான் கிரவுட். அதையும் எழுது."

கவின் எழுதினான். வியாழன், வெள்ளி, சனி, திங்கள் ஒட்டல். செவ்வாய் காத்திருப்பு. புதன் கிரவுட். வியாழன், வெள்ளி பிளம்பர். பதினோராம் நாள்! மிச்சம் பூஜ்யம். இப்போது ரெண்டு வரிசையுமே இறுக்கம்; எதில் ஒரு நாள் போனாலும் ஹேண்ட் ஓவர் போகும். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, ஞாயிறு லீவு நடுவுல வீணாப் போகுது. சனிக்கிழமையே ஒட்டி முடிச்சுட்டா ஞாயிறு தானா காயும். திங்கள் கிரவுட், செவ்வாய் புதன் பிளம்பர். ஒன்பதாம் நாள் முடிஞ்சுடும், ரெண்டு நாள் மிச்சமாகும்."

"நாலு நாள் வேலையை மூணு நாள்ல எப்படி முடிப்ப?"

"வெளிப்படிக்கட்டு வேலையில இருக்கிற கொத்தனாரும் டைல்ஸ் ஒட்டுவார்ல? பாத்ரூம் ரெண்டு, ஆளுக்கு ஒண்ணு. படிக்கட்டுக்காக யாரும் காத்திருக்கலை, ஹேண்ட் ஓவருக்குள்ள முடிஞ்சா போதும்."

செல்வம் படிக்கட்டு வேலையை ஒருமுறை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "மூணு நாள் தாங்கும். பிளம்பருக்கு இப்பவே போன் போடு, சனிக்கிழமை வேண்டாம், அடுத்த வாரம் செவ்வாய்னு சொல்லு. வியாழக்கிழமை வண்டி கீழே கிளம்பினதும் நமக்குச் சொல்லணும்னு குடோன்லயும் சொல்லிடு."

கவின் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினான்.