வராண்டா கேமராப் பதிவைப் பார்வையிட வேண்டி விண்ணப்பம்

மதுரை,
13-11-2025.

அனுப்புநர்: 7-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி கயல்விழியின் தந்தை.

பெறுநர்: பள்ளி முதல்வர் அவர்கள்.

பொருள்: 11-11-2025 அன்று மதிய உணவு இடைவேளையில் பதிவான முதல் மாடி வராண்டா கேமராக் காட்சிகளைப் பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் என் மகள் முதல் மாடி வராண்டாவில் விழுந்து மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதாக வகுப்பாசிரியை உடனே தொலைபேசியில் தெரிவித்தார்; முதலுதவியும் செய்து, நான் வரும்வரை உடனிருந்து கவனித்துக்கொண்டார். அதற்கு முதலில் நன்றி கூறிக்கொள்கிறேன்.

கேட்டால், டிபன் பாக்ஸ் கழுவப் போகும்போது கால் வழுக்கியதாக மட்டுமே கயல்விழி சொல்கிறாள். ஆனால் கைகளிலோ முழங்காலிலோ சிராய்ப்பு எதுவும் இல்லை. அன்றிரவு சீருடையைத் துவைக்க எடுத்த என் மனைவி, சட்டையின் முதுகுப் பக்கம் முழுவதும் சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருப்பதையும், கழுத்துப் பொத்தான் துணியோடு பிய்ந்து வந்திருப்பதையும் பார்த்தார். சட்டையைத் துவைக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவள், காரணம் கேட்டதும் வாயைத் திறக்கவில்லை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையின் மீதும் பழி சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் ஓடிப்போய்ச் சுவரில் மோதியதுதான் உண்மை என்று தெரிந்தால், வீட்டில் நானே கண்டித்துக்கொள்கிறேன்.

அறிவியல் ஆய்வக வாசலுக்கு மேலே ஒரு கேமரா இருப்பதைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது கவனித்திருக்கிறேன். ஆகவே, அன்று மதியம் 12.40 முதல் 1.15 வரை அதில் பதிவானவற்றைத் தாங்களோ தாங்கள் நியமிக்கும் ஆசிரியரோ ஒருமுறை பார்த்து, நடந்தது என்னவென்று எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேமராவின் கடிகாரம் சில நிமிடங்கள் முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதால், இருபுறமும் பத்து நிமிடம் கூடுதலாகப் பார்ப்பது நல்லது.

மற்றப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள் என்பதால் பதிவின் நகல் எனக்கு வேண்டாம். தாங்கள் அனுமதித்தால் தங்கள் அறையிலேயே, தங்கள் முன்னிலையில் பார்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் தாங்கள் சொல்வதே போதும். ஒன்றை மட்டும் இன்றே செய்துதர வேண்டுகிறேன். என் மளிகைக் கடையிலும் கேமரா வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், எங்கள் கடையில் பதினைந்து நாளுக்குமேல் எதுவும் தங்குவதில்லை. பள்ளியில் எத்தனை நாள் தங்கும் என்று எனக்குத் தெரியாததால், பார்வையிடுவது தாமதமானாலும் அந்த நேரத்துப் பதிவைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

இதை விசாரிக்கும்போது கயல்விழியை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் எழுப்பிக் கேட்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். மாணவர் கையேட்டில் உள்ள என் எண்ணுக்கு எப்போது அழைத்தாலும் அரை மணி நேரத்தில் பள்ளிக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முருகேசன்
(கயல்விழியின் தந்தை)