டியாகோ கார்சியாவும் துரோமெலினும்: நாடுகள் கைகோக்கும் இடமும் கைவிடும் இடமும்

நாடுகளுக்கு மேலே ஓர் அரசு கிடையாது. ஒரு நாடு சொன்ன சொல்லை மீறினால் பிடித்துக்கொண்டு போகப் போலீஸ் இல்லை. அப்படியிருந்தும் நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன, பெரும்பாலும் அதை மதிக்கவும் செய்கின்றன. சில சமயம் ரொம்பச் சின்ன விஷயத்தில்கூட முரண்டு பிடிக்கின்றன. இந்த இரண்டையும் விளக்க யதார்த்தவாதம், தாராளவாத நிறுவனவாதம், கட்டுமானவாதம் என்ற மூன்று கோட்பாடுகள் போட்டி போடுகின்றன. பாடநூல்கள் இவற்றை வல்லரசுகளை வைத்தே விளக்குவது வழக்கம். பனிப்போர், ஏவுகணை, பெர்லின் சுவர் என்று போகும். இந்தக் கட்டுரை மொரிசியசை வைத்துப் பேசுகிறது. படையில்லாத ஒரு தீவு நாடு பிரிட்டன், பிரான்ஸ் என்ற இரண்டு ஐரோப்பிய நாடுகளோடு இரண்டு தீவுப் பிரச்சினைகளில் மோதியதில், கோட்பாடுகளின் பலமும் பலவீனமும் நன்றாகவே தெரிகின்றன.

யதார்த்தவாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதுதான் நம் ஊர்த் தேநீர்க்கடைப் பேச்சுக்கும் நெருக்கமானது: "வல்லவன் வகுத்ததே வாய்க்கால்." 1979-இல் கென்னத் வால்ட்ஸ் இதற்கு ஒரு கறாரான வடிவம் கொடுத்தார். மேலதிகாரம் இல்லாத உலகில் ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பலம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறதோ அப்படியே நடத்தையும் அமையும் என்றார். ஒத்துழைப்புக்கு இதனால் வரும் தடையை 1988-இல் ஜோசப் கிரீக்கோ இன்னும் கூர்மையாகச் சொன்னார். நாடுகள் "எனக்கு எவ்வளவு லாபம்" என்று மட்டும் கேட்பதில்லை, "அவனுக்கு என்னைவிட அதிகம் போகிறதா" என்றும் கேட்கின்றன. இன்று அவன் கூடுதலாகச் சம்பாதித்தது நாளை எனக்கு எதிரான ஆயுதமாகலாம். இருவருக்கும் லாபமான பேரமும் உடைவது இதனால்தான்.

1965-இல் நடந்தது இந்தச் சட்டகத்தில் அச்சாகப் பொருந்துகிறது. விடுதலைக்கு மூன்று ஆண்டு முன்பு பிரிட்டன் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரிசியசிலிருந்து பிரித்தது. இழப்பீடாக 30 லட்சம் பவுண்டு தந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவோடு 50 ஆண்டு ஏற்பாடு செய்துகொண்டது. அந்தக் கூட்டத்தின் டியாகோ கார்சியா தீவில் ராணுவத் தளம் வந்தது. 1968 தொடங்கி 1973-க்குள் அங்கிருந்த மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் மொரிசியசின் தலைநகர் போர்ட் லூயிஸின் ரோஷ் புவா, கஸ்ஸி பக்கத்துக் குடிசைகளில் வந்து விழுந்தார்கள். மொரிசியசின் "ஒப்புதல்" வாங்கப்பட்டதாகக் காகிதத்தில் இருந்தது. விடுதலை கேட்டு வரிசையில் நிற்பவனிடம் வாங்கும் ஒப்புதல் எப்படிப்பட்டது என்று சர்வதேச நீதிமன்றமே பின்னால் சொல்லிவிட்டது: அது மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தின் வெளிப்பாடு அல்ல.

யதார்த்தவாதி இந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தினால் வென்றுவிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தாராளவாத நிறுவனவாதம் யதார்த்தவாதத்தின் முதல் வரியை மறுப்பதில்லை. மேலதிகாரம் இல்லை, நாடுகள் சுயநலமானவை, இரண்டும் சரி. ஆனால் நம்பிக்கையின்மையால் பேரம் உடைகிறது என்றால், நம்பிக்கையை உண்டாக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தால் போதுமே என்று 1984-இல் ராபர்ட் கியோஹேன் வாதிட்டார். அமைப்புகள் தகவல் தருகின்றன, கண்காணிக்கின்றன, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேரம் பேசும் செலவைக் குறைக்கின்றன. அதே ஆண்டில் ராபர்ட் ஆக்சல்ராட், இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சந்திக்கப்போகிறோம் என்று தெரிந்தால் இன்று ஏமாற்றுவது கட்டுப்படியாகாது என்று காட்டினார். கடன் சொல்லி வாங்கும் மளிகைக்கடைக் கணக்குதான் இது. நாளைக்கும் அதே கடைக்குப் போக வேண்டும்.

மொரிசியசின் சர்க்கரை இதற்கு நல்ல சான்று. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு ஐரோப்பா செய்துகொண்ட 1975-இன் லோமே உடன்படிக்கையோடு வந்த சர்க்கரை நெறிமுறைப்படி ஐரோப்பா குறிப்பிட்ட அளவை உறுதி விலைக்கு வாங்க வேண்டும். மொரிசியசின் பங்கு ஏறத்தாழ 5 லட்சம் டன், எல்லா நாடுகளிலும் பெரியது. உலகச் சந்தை விலை விழுந்த ஆண்டுகளிலும் இந்த வாக்கு நின்றது. குட்டித் தீவின் கரும்புக்காக ஐரோப்பா அஞ்ச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, ஆனாலும் சொன்னதைக் காப்பாற்றியது. சரி, இதை வைத்து நிறுவனவாதம் வென்றது என்று கையெழுத்துப் போட முடியுமா? முடியாது. பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் ஐரோப்பாவின் சர்க்கரை ஏற்றுமதி மானியத்துக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றன. ஐரோப்பா உறுதி விலையை 36 சதவீதம் குறைத்தது. 2009-இல் நெறிமுறையே முடிந்தது. ஓர் அமைப்பு தந்த வாக்கை இன்னோர் அமைப்பின் தீர்ப்பு அசைத்துவிட்டது. அமைப்புகள் எல்லாம் ஒரே திசையில் இழுக்கும் என்ற எண்ணம் கியோஹேனிடம் இருக்கிறதோ இல்லையோ, அவரைப் படித்தவர்களிடம் நிறையவே இருக்கிறது.

சூரை மீன் கதை இன்னும் சங்கடமானது. இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் நிறுவனவாதம் கேட்கும் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது: கூட்டம், விஞ்ஞானக் குழு, பிடிப்புக் கணக்கு, வாக்கெடுப்பு. அதே நேரம், ஒரு முடிவு பிடிக்காத உறுப்பு நாடு குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது என்ற விதியும் அங்கே உண்டு. 2023-இல் மொம்பாசாவில் மிதவைகள் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. இவை மீன் கூட்டத்தை ஈர்க்கக் கடலில் விடும் தெப்பங்கள். அடியில் எதிரொலிக் கருவி இருக்கும், கீழே எவ்வளவு மீன் என்று செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்குச் சொல்லும். குஞ்சு மீனும் சேர்ந்து மாட்டுகிறது என்பது கடலோர நாடுகள் பலவற்றின் குறை. ஆண்டில் 72 நாள் இவற்றுக்குத் தடை என்று தீர்மானம் நிறைவேறியது. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபித்தது, வேறு சில நாடுகளும் ஆட்சேபித்தன, ஆட்சேபித்தவர்களின் எண்ணிக்கை உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாமல் போனது. இங்கே ஏமாற்று எதுவும் நடக்கவில்லை, தகவலுக்கும் பஞ்சமில்லை. வெளியேறும் கதவை அமைப்பே கட்டி வைத்திருந்தது. அந்தக் கதவு இல்லாவிட்டால் பல நாடுகள் உள்ளேயே வந்திருக்காது என்று யதார்த்தவாதி சொல்வார். அதற்கு நிறுவனவாதத்திடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் ஒப்பீட்டு லாபக் கணக்கும் இங்கே தடுமாறுகிறது. கப்பலில் பறக்கும் கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி வேறு நாட்டுக்காரர், மீன் டப்பாவில் அடைபடுவது போர்ட் லூயிஸிலோ செஷல்சின் விக்டோரியாவிலோ. யாருக்கு யாரைவிட அதிகம் போகிறது என்று கிரீக்கோ எப்படிக் கூட்டிப் பார்ப்பார்?

இரண்டு கோட்பாடுகளும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே விடுகின்றன: ஒரு நாடு தன் நலன் இதுதான் என்று எப்படி முடிவு செய்கிறது? கட்டுமானவாதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலதிகாரம் இல்லாத நிலைக்குத் தானாக ஒரு பொருளும் இல்லை, நாடுகள் அதை என்னவாக ஆக்குகின்றனவோ அதுதான் அது என்று 1992-இல் அலெக்சாண்டர் வென்ட் எழுதினார். பிரிட்டனிடம் இருக்கும் நூற்றுக்கணக்கான அணுகுண்டுகள் அமெரிக்காவைப் பயமுறுத்துவதில்லை, வடகொரியாவின் ஐந்து பயமுறுத்துகின்றன என்பது அவர் தந்த உதாரணம். ஆயுத எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

சாகோஸ் விவகாரத்தில் மொரிசியஸ் செய்தது ஏறத்தாழ இதுதான். பலத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிரச்சினையின் பெயர் மாறியது. "இரு நாடுகளுக்கு இடையிலான எல்லைத் தகராறு" என்று லண்டன் சொன்னதை, "முடிக்கப்படாத காலனியக் கணக்கு" என்று போர்ட் லூயிஸ் மாற்றியது. 2017-இல் ஐநா பொதுச்சபை சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம், காலனியநீக்கம் முறையாக முடியவில்லை, பிரிட்டன் விரைவில் நிர்வாகத்தைக் கைவிட வேண்டும் என்றது. அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆலோசனைக் கருத்து மட்டுமே. அதே ஆண்டு மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவு, 6 எதிர்ப்பு, 56 ஒதுங்கல். அப்புறம் சிறு சிறு கதவுகள் மூடின. 2021-இல் கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, மாலத்தீவோடான எல்லை வழக்கில் மொரிசியசையே சாகோஸ் கரைக்கு உரிய நாடாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு உலக அஞ்சல் ஒன்றியம், சாகோசுக்காகப் பிரிட்டிஷ் நிர்வாகம் வெளியிட்ட அஞ்சல்தலைகளை இனி ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அஞ்சல்தலையால் ராணுவத் தளத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லைதான். ஆனால் சட்டத்தின் பெயரால் உலகுக்குப் புத்தி சொல்லும் நாடு, தன் அஞ்சல்தலையை ஒட்டிய கடிதமே செல்லாது என்ற நிலையை எவ்வளவு காலம் சகிக்கும்?

2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இறையாண்மை மொரிசியசுக்கு, டியாகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டன் கையில், ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு வாடகை. கையெழுத்துக்கு முன்பு லண்டன் வாஷிங்டனின் சம்மதத்துக்காகக் காத்திருந்தது. இதைப் படிக்கும் யதார்த்தவாதி புன்னகைக்கலாம்: தளம் அங்கேயேதானே இருக்கிறது! அந்தப் புன்னகையில் பாதி நியாயம் உண்டு. பேரத்தின் எல்லையைப் பலம்தான் வரைந்தது. ஆனால் தளம் எப்படியும் பாதுகாப்பாக இருந்த நிலையில், பிரிட்டன் ஏன் பேச்சு மேசைக்கே வந்தது, ஏன் பணமும் தர ஒப்புக்கொண்டது என்பதற்குப் பலக்கணக்கில் காரணம் கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகும் பிரிட்டனுக்கு ஆதரவு தராமல் பல ஐரோப்பிய நாடுகள் பொதுச்சபை வாக்கெடுப்பில் ஒதுங்கியதை ஒருவர் சுட்டலாம். ஒதுங்கியதுவரை சரி. எதிர்த்து வாக்களிக்க அவை கூசியது ஏன் என்பது நெறி பற்றிய கேள்வி.

இவ்வளவு சொன்னதும் கட்டுமானவாதத்துக்கு மாலை போட்டுவிடலாம் போலத் தோன்றும். துரோமெலின் குறுக்கே வருகிறது. சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் மணல்திட்டு, ஒரு வானிலை நிலையம், ராணுவத் தளம் கிடையாது. மொரிசியசும் பிரான்சும் உரிமை கொண்டாடுகின்றன. இருவரும் இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் பல ஆண்டுகளாக ஒன்றாக உட்காருபவர்கள். யதார்த்தவாதப்படி பயப்பட ஒன்றுமில்லை, நிறுவனவாதப்படி எல்லா வசதியும் உண்டு. 2010-இல் கூட்டு நிர்வாக ஒப்பந்தமும் கையெழுத்தானது: இறையாண்மையை ஒதுக்கி வைத்துவிட்டு மீன், சுற்றுச்சூழல், தொல்லியல் மூன்றிலும் சேர்ந்து வேலை செய்வது. 2017 ஜனவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஒப்புதலுக்கு வரவிருந்தபோது, தேச நிலத்தைத் தாரைவார்ப்பதாகக் கூச்சல் எழுந்தது, மசோதா நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் திட்டைச் சுற்றி ஏறத்தாழ 2,80,000 சதுர கிலோமீட்டர் கடல் பிரான்சின் கணக்கில் சேர்கிறது என்பதும் உண்மை. ஆனால் கூட்டு நிர்வாகம் அந்தக் கடலைப் பறிக்கவில்லையே.

ஆக, உலகின் மிக முக்கியமான தளங்களில் ஒன்று இருக்கும் தீவில் உடன்பாடு வந்தது, யாரும் குடியில்லாத மணல்திட்டில் வரவில்லை. நான் இதற்குக் கொடுக்கும் விளக்கம் கட்டுமானவாதப் பக்கமே சாய்கிறது, ஒரு திருத்தத்தோடு. சாகோசில் "காலனியநீக்கம்" என்ற பெயருக்கு நீதிமன்றமும் பொதுச்சபையும் முத்திரை குத்தின. துரோமெலினில் அப்படி ஒரு முத்திரை இல்லை. அங்கே வென்றது "பிரான்சின் நிலம்" என்ற பெயர். அடையாளம் ஒத்துழைப்பை உண்டாக்குவது போலவே உடைக்கவும் செய்யும் என்பதை வென்ட்டின் வாசகர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். எந்தப் பெயர் ஒட்டும், எப்போது ஒட்டும் என்பதைக் கட்டுமானவாதம் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடந்த பிறகுதான் சொல்கிறது. மூன்று கோட்பாடுகளுமே நாட்டை ஒரே ஆளாகப் பாவிப்பதால், துரோமெலின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிரெஞ்சு அரசும் அதைத் தடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்களும் வேறு வேறு என்பது அவற்றின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

சாகோஸ் மக்கள் விஷயத்தில் இந்தக் குருடு இன்னும் கூடுதல். இரண்டு அரசுகளும் ஒத்துழைத்தன என்று இந்தக் கட்டுரை முழுவதும் எழுதியாயிற்று. அந்தப் பேச்சுவார்த்தையில் தங்களுக்கு இடமே இல்லை என்பது ரோஷ் புவாவிலும் இங்கிலாந்தின் கிராலியிலும் வாழும் சாகோசியர் பலரின் குறை. அவர்கள் கணக்கில் இது ஒத்துழைப்பா என்ற கேள்விக்கு யதார்த்தவாதத்திலும் நிறுவனவாதத்திலும் இடமில்லை. நெறிகளைப் பற்றியே பேசும் கட்டுமானவாதமாவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.