வயதுக் கணக்குகள்: விகிதத்திலிருந்து சமன்பாட்டிற்கு

ஓராண்டு கழிந்தால் எல்லாருக்கும் ஒரு வயது கூடுகிறது. ஆகவே இருவருக்கு இடையிலான வயது வேறுபாடு என்றும் மாறுவதில்லை; அவர்களுடைய வயதுகளின் விகிதமோ ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. தாய்க்கு 30, மகளுக்கு 6 என்று இருக்கும்போது தாயின் வயது ஐந்து மடங்கு. பத்து ஆண்டுகள் சென்றபின் தாய்க்கு 40, மகளுக்கு 16. அப்போது அது இரண்டரை மடங்குதான். வேறுபாடு மட்டும் இரண்டு இடங்களிலும் 24 ஆகவே நிற்கிறது. இந்தப் பாடத்தில் வரும் கணக்குகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

எளிய கணக்கிலிருந்து தொடங்குவோம். இருவருடைய தற்போதைய வயதுகள் 4 : 5 என்ற விகிதத்தில் உள்ளன, 6 ஆண்டுகளுக்குப் பிறகு அவ்விகிதம் 6 : 7 ஆகும் எனில், இப்போது அவர்களுடைய வயது என்ன? விகிதம் 4 : 5 என்பதால் வயதுகள் 4, 5 என்று எண்ணிவிடக் கூடாது. அவை ஏதோ ஓர் எண்ணின் 4 மடங்கும் 5 மடங்கும் ஆகும். அந்த எண்ணை x என்போம்.

(4x + 6) / (5x + 6) = 6 / 7

குறுக்கே பெருக்கினால் 28x + 42 = 30x + 36; அதாவது 2x = 6, x = 3. ஆகவே வயதுகள் 12, 15. ஆறு ஆண்டுகள் கழித்து அவை 18, 21 ஆகும்; விகிதம் 6 : 7 சரியாக வருகிறது. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும். x = 3 என்று கண்டதோடு நிறுத்தி அதையே விடையாக எழுதிவிடும் மாணவர்கள் பலர் உண்டு; கணக்கு கேட்பது x ஐ அன்று, வயதுகளை.

அடுத்தது இறந்தகாலமும் எதிர்காலமும் சேர்ந்து வரும் கணக்கு. விடைத்தாள்களில் நான் மிகுதியாகப் பிழை காண்பது இங்குதான் என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 4 ஆண்டுகளுக்கு முன்பு தாய், மகள் ஆகியோரின் வயது விகிதம் 5 : 1, இன்னும் 6 ஆண்டுகளில் அது 5 : 2 ஆகும். தற்போதைய வயதுகளைக் காண்க.

இங்கே தற்போதைய விகிதம் தரப்படவில்லை; 4 ஆண்டுகளுக்கு முந்தைய விகிதமே தரப்பட்டுள்ளது. எனவே 5x, x என்பவை அன்றைய வயதுகள். அந்த நாளிலிருந்து பார்த்தால், இன்னும் 6 ஆண்டுகளில் வரப்போகும் நாள் 4 + 6 = 10 ஆண்டுகள் தள்ளி இருக்கிறது.

(5x + 10) / (x + 10) = 5 / 2

10x + 20 = 5x + 50 என்பதிலிருந்து 5x = 30, x = 6. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வயதுகள் 30, 6. இப்போது 34, 10. ஆறு ஆண்டுகள் கழித்து 40, 16, அதாவது 5 : 2. பத்துக்குப் பதிலாக 6 மட்டும் கூட்டியிருந்தால் x = 18/5 என்று பின்னம் வந்திருக்கும். பின்னம் கண்டவுடன் ஐயம் எழுவது நல்லதே. ஆனால் எல்லாத் தவறுகளும் இப்படித் தம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் சமன்பாடு எழுதும் முன்பு, x எந்த ஆண்டின் வயதைக் குறிக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுமாறு எப்போதும் வற்புறுத்துவேன்.

இதே கணக்கை வேறுபாட்டின் வழியாகவும் தீர்க்கலாம். 5 : 1 இல் வேறுபாடு 4 பங்கு, 5 : 2 இல் 3 பங்கு. உண்மையான வேறுபாடு மாறாதது என்பதால் இரண்டையும் 12 பங்காக்குவோம்: 15 : 3, 20 : 8. பத்து ஆண்டுகளில் ஒவ்வொருவருக்கும் 5 பங்கு கூடியிருக்கிறது. ஆகவே ஒரு பங்கு 2 ஆண்டுகள், அன்றைய வயதுகள் 30, 6. இது விரைவான வழி. ஆனால் சமன்பாட்டு முறை கைவந்த பின்னரே இதைக் கையாள்வது பாதுகாப்பானது.

இனி விடை எதிர்க்குறியோடு வரும் ஒரு கணக்கு. தந்தைக்கு 45 வயது, மகனுக்கு 10 வயது. எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகனுடைய வயதைப் போல் 6 மடங்காகும்?

45 + t = 6(10 + t)

5t = −15, t = −3. இதைப் பிழை என்று அடித்துவிட வேண்டாம். அந்த நிலை இனி வராது, 3 ஆண்டுகளுக்கு முன்பே வந்து போயிற்று என்பதே இதன் பொருள். அப்போது வயதுகள் 42, 7. இப்போது 4½ மடங்காக இருப்பது ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையுமே அன்றிக் கூடாது. மூத்தவர் வயதை இளையவர் வயதால் வகுத்துவரும் எண், 1 ஐ நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் ஒருபோதும் அதை எட்டாது. இது மனத்தில் இருந்தால், எதிர்காலத்தில் மடங்கு கூடுவதாக வரும் விடையைக் கண்ட உடனேயே தள்ளிவிடலாம்.

சொற்களே கடினமாக அமையும் கணக்கு ஒன்றும் உண்டு. அக்காள் தங்கையிடம் கூறுகிறாள்: "உன் இன்றைய வயதில் நான் இருந்தபோது உனக்கு என்ன வயதோ, அதைப் போல் இருமடங்கு என் இன்றைய வயது. நம் இருவர் வயதின் கூடுதல் 63." அக்காளின் வயதை x, தங்கையின் வயதை y என்க. அக்காள் y வயதில் இருந்தது x − y ஆண்டுகளுக்கு முன்பு. அன்று தங்கையின் வயது y − (x − y) = 2y − x. ஆகவே

x = 2(2y − x), x + y = 63

முதற் சமன்பாடு 3x = 4y என்றாகிறது; அதாவது விகிதம் 4 : 3. 63 ஐ 7 பங்காக்கினால் ஒரு பங்கு 9; அக்காளுக்கு 36, தங்கைக்கு 27. அக்காளுக்கு 27 ஆக இருந்தபோது தங்கைக்கு 18. 36 அதன் இருமடங்கே. சொல்லில் சிக்கலாகத் தோன்றியது, "எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு?" என்று கேட்டதும் அவிழ்ந்துவிட்டது.

இத்தகைய கணக்குகள் மிகப் பழையவை. அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் டயோஃபாண்டசின் வாழ்நாளைப் பற்றிப் பழைய கிரேக்கச் செய்யுள் தொகுப்பு ஒன்றில் ஒரு புதிர் உள்ளது. அவர் வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு குழந்தைப் பருவம். பன்னிரண்டில் ஒரு பங்கு சென்றபின் தாடி அரும்பியது. மேலும் ஏழில் ஒரு பங்கு கழிந்து திருமணம். அதன்பின் 5 ஆண்டுகளில் ஒரு மகன் பிறந்தான். அம்மகன் தந்தையின் வாழ்நாளில் பாதியே வாழ்ந்தான். மகன் இறந்து 4 ஆண்டுகளில் தந்தையும் மறைந்தார்.

x/6 + x/12 + x/7 + 5 + x/2 + 4 = x

பின்னங்களைக் கூட்டினால் 75x/84. மிஞ்சும் 9x/84 என்பது 9 ஆண்டுகளுக்குச் சமம். எனவே x = 84. திருமணம் 33 இல், மகன் பிறந்தது 38 இல். 42 ஆண்டுகள் வாழ்ந்த மகன் இறந்தபோது தந்தைக்கு வயது 80.

பயிற்சிக்கு இரண்டு கணக்குகள். முதலாவது: இருவரின் தற்போதைய வயது விகிதம் 3 : 2, 8 ஆண்டுகளுக்கு முன்பு அது 5 : 3. அவர்களுடைய வயதுகளைக் காண்க. இரண்டாவது: 10 ஆண்டுகளுக்கு முன்பு தந்தையின் வயது மகனுடைய வயதைப் போல் 4 மடங்கு, இன்னும் 10 ஆண்டுகளில் 2 மடங்காகும். தற்போதைய வயதுகள் என்ன? விடைகள் முறையே 48, 32, 50, 20.