படம் விடுபட்ட தொடுகோட்டுக் கணக்கு: இரண்டு விவரங்கள் தேவை

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கொண்டுவந்த பயிற்சித்தாள் நகலில் உள்ள கணக்கை அப்படியே தருகிறேன்.

“படத்தில் காட்டியுள்ளவாறு, O-வை மையமாகக் கொண்ட வட்டத்திற்கு, அதன் வெளியே அமைந்த P என்ற புள்ளியிலிருந்து PA, PB ஆகிய தொடுகோடுகள் வரையப்பட்டுள்ளன. C என்பது படத்தில் குறித்தவாறு வட்டத்தின் மீதுள்ள ஒரு புள்ளியாகும். தரப்பட்டுள்ள அளவுகளைக் கொண்டு, (i) AB என்ற நாணின் நீளம், (ii) OAPB என்ற நாற்கரத்தின் பரப்பளவு, (iii) ∠ACB-இன் அளவு (பாகைக்குத் திருத்தமாக) ஆகியவற்றைக் காண்க.”

நகலெடுத்தபோது படம் விடுபட்டுவிட்டது. தாளின் மேல்விளிம்பில் வில்லின் ஒரு துண்டும், பாதி வெட்டுப்பட்ட 9 என்ற எண்ணும் மட்டுமே தெரிகின்றன. அந்த எண் தொடுகோட்டுக்கு உரியதா, ஆரத்துக்கு உரியதா என்று சொல்ல முடியவில்லை. கணக்கின் வாக்கியத்தில் ஓர் அளவுகூட இல்லை என்பதுதான் தொல்லை.

விடைப்பக்கத்தில் முதல் இரண்டு விடைகள் உள்ளன: 14.4 செ.மீ., 108 ச.செ.மீ. மூன்றாவது விடை இருக்கவேண்டிய இடம் கிழிந்துள்ளது. தொடுபுள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து என்பதால், நாற்கரம் இரு சர்வசம செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது; ஆகவே PA × OA = 108. நாண் OP-க்குச் செங்குத்தாக, அதனால் இருசமக்கூறிடப்படுவதால், AB = 2 × 108 ÷ OP; இதிலிருந்து OP = 15 செ.மீ. பிதாகரஸ் தேற்றப்படி PA² + OA² = 225. ஆகவே அவ்விரு நீளங்களும் 12, 9 என்பது உறுதியாகிறது. எது 12, எது 9 என்பதுதான் தெரியவில்லை. இடம் மாற்றிப் போட்டாலும் 14.4-உம் 108-உம் மாறுவதில்லை!

கோணம் அப்படியல்ல. PA = 12, OA = 9 எனில் tan ∠AOP = 4/3; எனவே ∠AOB ஏறத்தாழ 106°. C பெரிய வில்லின் மீது இருந்தால் ∠ACB ஏறத்தாழ 53°, சிறிய வில்லின் மீது, அதாவது P-யின் பக்கமாக, இருந்தால் 127°. PA = 9, OA = 12 எனில் இவை முறையே 37°, 143° ஆகின்றன. நான்கு விடைகளும் கணக்கின் வாசகத்துக்குப் பொருந்துகின்றன. பயிற்சித்தாள்களில் C-யைப் பெரும்பாலும் பெரிய வில்லில்தான் குறிப்பார்கள் என்றாலும், அந்த வழக்கத்தை நம்பி மாணவருக்கு 53° என்று எழுதித்தர எனக்கு மனம் வரவில்லை.

இத்தாளின் முழுப் பிரதி வைத்திருக்கும் ஆசிரியர்கள், படத்தில் 9 என்ற எண் எந்தக் கோட்டுத்துண்டின் அருகே உள்ளது என்பதையும், AB-க்கு எந்தப் பக்கத்தில் C உள்ளது என்பதையும் தெரிவித்தால் போதும். படத்தை நானே வரைந்துகொள்கிறேன்.