கடைவாய்ப் பல்லும் கட்டைவிரலும்

அன்பான மாணவ மாணவியரே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். இன்று அக்டோபர் 15, உலகக் கை கழுவும் நாள். ஆகவே, கிராம சுகாதாரச் செவிலியராகிய என்னைச் சிறிது நேரம் பேசுமாறு உங்கள் தலைமையாசிரியர் அழைத்திருக்கிறார். கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலருக்கு முன்பல் விழுந்திருப்பது நீங்கள் சிரிக்கும்போதே தெரிகிறது. விழுபவை பால்பற்கள், அவை மொத்தம் 20. எப்படியும் விழப்போகும் பல்லை எதற்காகத் துலக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அடியில் வளரும் நிலைப்பல்லுக்குப் பால்பல்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. அது சொத்தையாகி முன்கூட்டியே போய்விட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, புதிய பல் கோணலாக முளைக்கக்கூடும். மேலும், ஏறக்குறைய ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று பெரியவர்களே எண்ணிவிடுவதுண்டு. அது நிலைப்பல், போனால் மீண்டும் முளைக்காது.

மிட்டாய், பிஸ்கட் தின்றபின் பல்லில் ஒட்டியிருக்கும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன; அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குழியாக்குவதையே சொத்தை என்கிறோம். உறங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆகவே காலையில் துலக்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவு படுக்கும் முன்னும் கட்டாயம் துலக்குங்கள். பட்டாணி அளவு பற்பசை போதும். விளம்பரத்தில் வருவதுபோல் நீளமாகப் பிதுக்க வேண்டியதில்லை. ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறு வட்டங்களாக, வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்று இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். அந்தக் கடைவாய்ப் பல் வரை பிரஷ் போக வேண்டும். செங்கல்தூளும் அடுப்புக்கரியும் பல்லைத் தேய்த்துவிடும்; வேண்டாம்.

இனி, கை. சத்துணவு மணி அடித்ததும் விரல் நுனியை மட்டும் குழாயில் நனைத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டுடன் ஓடும் சிலரை நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்லமாட்டேன். கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கில் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்; அந்தப் பிசுக்கு வெறும் தண்ணீருக்குப் போகாது, சோப்புக்குத்தான் போகும். மண்ணில் விளையாடும்போது குடற்புழுக்களின் முட்டைகள் நகக்கண்ணில் புகுந்து, சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடுகின்றன. வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகிறது. எனவே சாப்பிடும் முன்பும், கழிப்பறைக்குப் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டே கழுவ வேண்டும்.

கையை நனைத்துச் சோப்புப் போட்டதும் குழாயை மூடிவிட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு ஆகியவற்றைத் தேயுங்கள். பலரும் மறப்பது கட்டைவிரலை; அதை மற்றொரு கையால் பிடித்துத் திருகித் தேய்க்க வேண்டும். பிறகு விரல் நுனிகளைக் குவித்து உள்ளங்கையில் சுரண்டுங்கள். ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ணி முடித்தபின் நன்றாக அலசி, சுத்தமான துணியில் துடையுங்கள். துணி இல்லையென்றால் உதறிக் காயவிடுங்கள்.

இப்போது மூன்றாம் வகுப்பு மாணவர்கள் மட்டும் வரிசையாகக் குழாயடிக்கு வாருங்கள்; சோப்பு வைத்திருக்கிறேன், செய்து பார்ப்போம்.